மூக்குக் குழாய் வழியாகக் குழந்தைக்கு மருந்து கொடுப்பது எப்படி?

மூக்கு வழியாக இரைப்பைக்குப் போகும் குழாயில் பால் விடப் பழகியவர்களுக்கும் மருந்து என்று வந்தால் கை தயங்கும். அந்தத் தயக்கம் நியாயமானது. பால் இந்தக் குழாய்க்கென்றே தயாரிக்கப்படுகிறது. மருந்துகளில் பெரும்பாலானவை வாயில் போட்டு விழுங்குவதற்காகச் செய்யப்பட்டவை. அவற்றைக் குழாயில் விடும்போது இரண்டு கேள்விகள் எழுகின்றன. ஒன்று, இது குழாயை அடைக்காமல் உள்ளே போகுமா? மற்றது, போன பிறகும் செய்ய வேண்டிய வேலையைச் செய்யுமா? இந்தக் கட்டுரை அந்த இரண்டையும் சுற்றித்தான் நகர்கிறது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குழாயைப் பயன்படுத்த மருத்துவமனையில் உங்களுக்கு நேரில் பயிற்சி தந்திருப்பார்கள் என்ற எண்ணத்தில்தான் இதை எழுதுகிறேன். இங்கே வரும் மி.லி. அளவுகள் பொதுவானவை. உங்கள் குழந்தைக்கென்று எழுதித் தந்த அளவு வேறாக இருந்தால் அதுதான் சரி. குறைமாதக் குழந்தை, இதயம் அல்லது சிறுநீரகக் கோளாறால் தண்ணீர் அளந்து கொடுக்கப்படும் குழந்தை, குழாயின் நுனி இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடலில் இருக்கும் குழந்தை ஆகியோருக்கு அளவுகள் மாறும்.

குழாய் எங்கே இருக்கிறது என்று பார்த்த பிறகே எதுவும்

காலையில் பால் விடும்போது சரியாக இருந்த குழாய், மதியம் ஒரு பலத்த இருமலிலோ வாந்தியிலோ இடம் மாறியிருக்கலாம். நுனி உணவுக்குழாய்க்கு ஏறிவிட்டாலோ மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டாலோ வெளியிலிருந்து பார்த்து எப்போதும் கண்டுபிடிக்க முடியாது. அதனால் ஒவ்வொரு முறையும் மருந்துக்கு முன் சோதனை வேண்டும். சோதனை முடியும்வரை அலசுவதற்கான தண்ணீரையும் விடக் கூடாது. தண்ணீர்தானே என்று பலர் நினைக்கிறார்கள், நுரையீரலுக்குள் போனால் அதுவும் ஆபத்துதான்.

மூக்கு நுனியில் குழாயின் எந்த செ.மீ. குறி நிற்கிறது என்று முதலில் பாருங்கள். குழாய் போட்ட அன்று எழுதி வைத்த எண்ணும் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். பிளாஸ்டர் பிரிந்திருக்கிறதா, தொண்டையில் குழாய் சுருண்டு கிடக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு சிரிஞ்சால் மெதுவாகக் கொஞ்சம் இரைப்பை நீரை இழுத்து, பி.எச். தாளில் ஒரு சொட்டு வையுங்கள். 5.5 அல்லது அதற்குக் கீழே காட்டினால் பொதுவாக நுனி இரைப்பையில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். சில மருத்துவமனைகள் இதைவிடக் குறைந்த எல்லை வைத்திருக்கும். அப்படியானால் அதைப் பின்பற்றுங்கள்.

நீர் வரவில்லையென்றால் குழந்தையை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, 15 முதல் 30 நிமிடம் கழித்து மறுபடி இழுத்துப் பாருங்கள். பி.எச். அதிகமாக வந்தால் கொஞ்ச நேரத்துக்கு முன் பால் கொடுத்தீர்களா என்று யோசியுங்கள். பால் அமிலத்தின் வீரியத்தைக் குறைத்துவிடும், ஒரு மணி நேரம் கழித்துச் சோதித்தால் எண் இறங்கக்கூடும். அமிலம் சுரப்பதைக் குறைக்கும் ஒமெப்ரசோல் போன்ற மருந்து எடுக்கும் குழந்தைக்கு எண் எப்போதுமே மேலே நிற்கலாம். அந்தக் குழந்தைக்கு என்ன செய்வது என்பதை வீட்டுக்கு அனுப்பும் முன்பே மருத்துவக் குழுவிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரவு பதினொரு மணிக்குக் கையில் தாளை வைத்துக்கொண்டு முடிவெடுக்கும் விஷயம் இல்லை இது.

காற்றை ஊதி வயிற்றில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்கும் பழைய முறையை நம்ப வேண்டாம். நுனி நுரையீரலிலோ உணவுக்குழாயிலோ இருந்தாலும் அதே சத்தம் வயிற்றில் கேட்கும்.

திரவமா, மாத்திரையா?

திரவமாகக் கிடைக்கிறதா என்றுதான் முதலில் கேட்க வேண்டும். ஆனால் திரவம் என்றாலே குழாய்க்கு ஏற்றது என்று ஆகிவிடாது. தண்ணீர் போல் ஓடும் கரைசல் சிக்கல் இல்லாமல் போய்விடும். லாக்டுலோஸ் போன்ற கெட்டியான சிரப்பு குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும், அதைத் தண்ணீர் சேர்த்து இளக்கிக் கொடுக்க வேண்டும். பொடித் துகள்கள் மிதக்கும் சஸ்பென்ஷன்கள் மூன்றாவது வகை. இவற்றை நன்றாகக் குலுக்காமல் எடுத்தால் பாட்டிலின் முதல் பாதியில் மருந்து குறைவாகவும், அடியில் அதிகமாகவும் இருக்கும். வலிப்பு மருந்தான ஃபெனிடோயின் சஸ்பென்ஷனில் இது விளையாட்டல்ல. முதல் வாரம் வலிப்பு, கடைசி வாரம் மயக்கமும் தள்ளாட்டமும் என்று முடியலாம்.

துகள் பெரிதாக இருக்கும் சஸ்பென்ஷன்கள் மெல்லிய குழாயில் போகாது. சிப்ரோஃப்ளாக்சசின் சஸ்பென்ஷன் இதற்கு நல்ல உதாரணம். பார்க்கத் திரவம்தான், ஆனால் எண்ணெய்ப் பசையும் குருணையும் உள்ளதால் குழாயில் விடக் கூடாது. கிளாரித்ரோமைசின் சஸ்பென்ஷனும் குருணையானதுதான். குழந்தைகளுக்குப் போடும் குழாய்கள் பெரும்பாலும் 5 முதல் 10 ஃபிரெஞ்ச் அளவு கொண்டவை. 3 ஃபிரெஞ்ச் என்றால் 1 மி.மீ. வெளி விட்டம். அப்படியானால் 6 ஃபிரெஞ்ச் குழாய் வெளியே 2 மி.மீ., உள்ளே இருக்கும் துளை அதைவிடச் சிறியது. பாட்டிலைக் குலுக்கிப் பார்க்கும்போது கண்ணுக்குத் துகள் தெரிகிறதென்றால் விடுவதற்கு முன் மருந்தாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

திரவ மருந்துகளுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பலவற்றில் இனிப்புக்காக சார்பிட்டால் சேர்த்திருப்பார்கள். நான்கைந்து சிரப்பு எடுக்கும் குழந்தைக்கு அதன் மொத்த அளவே வயிற்றுப்போக்கை உண்டாக்கலாம். புதிய சிரப்பு சேர்ந்த சில நாளில் வயிறு கெட்டால் உடனே பாலைக் குறை சொல்லாமல், மருந்துப் பட்டியலையும் எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

திரவம் கிடைக்காவிட்டால் தண்ணீரில் தானாகக் கரையும் அல்லது சிதறும் மாத்திரை அடுத்த தேர்வு. அதுவும் இல்லையென்றால்தான் நசுக்குவது. அதற்கும் எல்லா மாத்திரையும் ஒத்துவராது.

நசுக்கக் கூடாதவை

மெதுவாக மருந்தை வெளிவிடும் மாத்திரைகளின் பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., ஈ.ஆர்., சி.ஆர்., எக்ஸ்.எல்., எல்.ஏ. என்று ஏதாவது இரண்டு எழுத்து இருக்கும். அதில் பன்னிரண்டு மணி நேரமோ ஒரு நாளோ தாக்குப்பிடிக்கும் மருந்து அடங்கியிருக்கிறது. நசுக்கினால் அத்தனையும் ஒரே நேரத்தில் ரத்தத்தில் இறங்கும். முதலில் அளவுக்கு மீறும், பிறகு அடுத்த டோஸ் வரும்வரை போதாமல் போகும். இரண்டு எழுத்து இல்லை என்பதால் பயமில்லை என்றும் முடிவு செய்ய முடியாது, சில நிறுவனங்கள் வேறு பெயரில் குறிப்பிடும்.

இரைப்பை அமிலத்தில் கரையாத பூச்சு பூசிய மாத்திரைகள் இரண்டாவது வகை. பூச்சு உடைந்தால் மருந்து அமிலத்தில் கெட்டுப்போகும், அல்லது இரைப்பையைப் புண்ணாக்கும். நசுக்கிய பூச்சுத் துணுக்குகள் தண்ணீரில் கரையாமல் குழாயிலும் சிக்கும். ஒமெப்ரசோல் கேப்ஸ்யூலைத் திறந்தால் சின்னச் சின்ன உருண்டைகள் கொட்டும். ஒவ்வொரு உருண்டைக்கும் இந்தப் பூச்சு உண்டு. அவற்றை நசுக்கவும் கூடாது, அப்படியே விட்டாலும் மெல்லிய குழாய் அடைத்துக்கொள்ளும். இதே வேலையைச் செய்யும் மருந்துகளில் குழாய்க்கு ஏற்ற வடிவம் கிடைக்கும். லான்சோபிரசோலில் வாயில் கரையும் மாத்திரை வகை 8 ஃபிரெஞ்ச் அல்லது அதற்கு மேற்பட்ட குழாயிலும், எசோமெப்ரசோலில் தண்ணீரில் கலக்கும் குருணைப் பொட்டலம் 6 ஃபிரெஞ்ச் முதலும் விடத் தகுந்தவை. மருத்துவரிடம் குழாயின் அளவைச் சொன்னால் அவர் மாற்றி எழுத வழி இருக்கிறது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

மூன்றாவது வகை, நசுக்குபவருக்கே ஆபத்தானவை. புற்றுநோய் மருந்துகள், ஹார்மோன் மருந்துகள், நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் சில மருந்துகள் ஆகியவற்றின் தூசியை மூச்சில் இழுக்கக் கூடாது. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். இவற்றை வீட்டு உரலில் இடிப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. மருந்தகத்தில் திரவமாகத் தயாரித்துத் தர முடியுமா என்று கேளுங்கள்.

வடிவத்தை மாற்றும்போது டோஸும் மாறலாம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நாளுக்கு ஒருமுறை எடுத்த எஸ்.ஆர். மாத்திரைக்குப் பதில் திரவம் வந்தால் இரண்டு மூன்று வேளையாகப் பிரிக்க வேண்டியிருக்கும். ஃபெனிடோயின் கேப்ஸ்யூலில் 100 மி.கி. ஃபெனிடோயின் சோடியம் இருந்தால் அது சஸ்பென்ஷனில் சுமார் 92 மி.கி. ஃபெனிடோயினுக்குச் சமம். ஆகவே வீட்டில் நீங்களே மாற்றிக் கணக்கிடாதீர்கள்.

தண்ணீரும் சிரிஞ்சும்

அலசுவது என்பது குழாயைச் சுத்தமாக வைப்பதற்கு மட்டும் என்று நினைத்தால் அதன் பாதி வேலைதான் தெரிந்தது. 50 செ.மீ. நீளமுள்ள மெல்லிய குழாய்க்குள் ஏறக்குறைய அரை முதல் ஒரு மி.லி. திரவம் தங்கும். குழந்தைக்கு மருந்தே 1 மி.லி. என்றால், பின்னால் தண்ணீர் விடாதபோது அதில் பெரும்பகுதி இரைப்பையை எட்டாமல் குழாயிலேயே நிற்கும். அடுத்து விடும் மருந்தோ பாலோ அதைத் தள்ளிக்கொண்டு போகும்போது இரண்டும் அந்தக் குறுகிய துளைக்குள் கலக்கும். அதனால் முன்னால் ஒருமுறை, ஒவ்வொரு மருந்துக்கும் இடையில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை. அவசரத்தில் பெரும்பாலும் விட்டுப்போவது இடையில் வருவதுதான். அடைப்புக்குக் காரணம் தேடினால் அங்கேதான் போய் முடியும்.

நடக்கும் வயதுக் குழந்தைக்கு முன்னும் பின்னும் 5 மி.லி., இடையில் 3 மி.லி. என்பது நடைமுறையில் பயன்படும் அளவு. கைக்குழந்தைக்கு இது 1 முதல் 3 மி.லி. ஆகக் குறையும், பச்சிளம் குழந்தைக்கு ஒரு மி.லி.க்கும் கீழே. சின்னக் குழந்தையின் உடலில் வெறும் தண்ணீர் அதிகம் சேர்ந்தால் ரத்தத்தில் சோடியம் குறையும், அதனால் 'நல்லா அலசட்டும்' என்று தாராளம் காட்ட வேண்டாம். கைக்குழந்தைகளுக்கும் எதிர்ப்பாற்றல் குறைந்த குழந்தைகளுக்கும் கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீர் அல்லது கிருமி நீக்கிய தண்ணீர் என்று சொல்லியிருப்பார்கள், அதையே பயன்படுத்துங்கள்.

சிரிஞ்ச் விஷயத்தில் ஒரு கண்டிப்பு உண்டு. வாய்வழி மருந்துக்கான அல்லது உணவூட்டும் குழாய்க்கான சிரிஞ்ச் மட்டுமே வேண்டும். ஊசி போடும் சிரிஞ்சில் சிரப்பை எடுத்து வைத்தால், ரத்தக்குழாயில் மருந்து ஏறிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு யாராவது அதைத் தவறான இடத்தில் செலுத்திவிடும் அபாயம் இருக்கிறது. உணவூட்டும் குழாய்க்கான சிரிஞ்சின் முனை அங்கே பொருந்தாதபடி செய்யப்பட்டிருக்கும்.

அப்புறம் அளவு. சிரிஞ்ச் சிறிதாக இருந்தால் அதே விரல் அழுத்தத்துக்கு உள்ளே உண்டாகும் அழுத்தம் அதிகம். 1 மி.லி. சிரிஞ்சால் அடைத்த குழாயைத் தள்ளினால் குழாய் விரிந்து கிழியக்கூடும். அதனால் அலசுவதற்கு 10 மி.லி. அல்லது அதற்குப் பெரிய சிரிஞ்ச் நல்லது. சின்ன டோஸை அளக்கச் சின்ன சிரிஞ்ச்தான் துல்லியம். முதலில் பெரிய சிரிஞ்சில் அலசிக் குழாய் திறந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு, பிறகு சின்னதை மெதுவாகத் தள்ளினால் இரண்டும் சரியாகிவிடும்.

ஒரு மாலை வேளை மருந்து, முழுக்க

மூன்று வயது, 12 கிலோ எடையுள்ள ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம். 8 ஃபிரெஞ்ச் குழாய், மூக்கு நுனியில் 36 செ.மீ. குறி. மாலைக்கு மூன்று மருந்துகள் எழுதியிருக்கிறார்கள். வலிப்புக்கு லெவெடிராசெட்டம் கரைசல், மி.லி.க்கு 100 மி.கி. உள்ளது, 200 மி.கி. கொடுக்க வேண்டும். தசை இறுக்கத்துக்கு பேக்லோஃபென் 10 மி.கி. சாதாரண மாத்திரையில் பாதி. மலச்சிக்கலுக்கு லாக்டுலோஸ் 5 மி.லி. இந்த அளவுகள் விளக்கத்துக்காக, வேறு குழந்தைக்கு எடுத்துப் போடுவதற்கல்ல.

1. கை கழுவி, பட்டியலை எதிரில் வைத்து, மருந்தின் பெயர், வீரியம், காலாவதி தேதி மூன்றையும் பாருங்கள். கரைசலில் கணக்கு 200-ஐ 100-ஆல் வகுத்தால் 2 மி.லி. புதிய பாட்டில் திறக்கும் நாளில் வீரியத்தை மறுபடி படியுங்கள். ஒரே மருந்து வெவ்வேறு வீரியத்தில் விற்கப்படுகிறது.

2. குழந்தையின் தலைப்பக்கம் 30 முதல் 45 பாகை உயர்ந்திருக்கட்டும், அல்லது மடியில் நிமிர்த்தி உட்கார வைக்கலாம். 36 செ.மீ. குறியையும் பி.எச்.சையும் பாருங்கள். பால் ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள்.

3. மருந்துகளைத் தனித்தனியாக எடுத்து வையுங்கள். லெவெடிராசெட்டம் 2 மி.லி.யைச் சின்ன சிரிஞ்சில் அளந்து, காற்றுக் குமிழியை வெளியேற்றிவிடுங்கள். பேக்லோஃபெனை மாத்திரை வெட்டியில் பாதியாக்கி, அந்தப் பாதியை மட்டும் குழவியும் கிண்ணமும் கொண்ட சின்ன அரைப்பானில் மாவாகப் பொடித்து 5 மி.லி. தண்ணீரில் கலக்குங்கள். லாக்டுலோஸ் 5 மி.லி.யோடு 5 மி.லி. தண்ணீர் சேர்த்துக் கலக்குங்கள். எதில் எது என்று சீட்டு ஒட்டுங்கள். நடுவில் போன் வந்தாலும் குழப்பம் வராது.

4. 5 மி.லி. தண்ணீர் விட்டு அலசுங்கள். தடையில்லாமல் போகிறதா என்று கையே சொல்லும்.

5. லெவெடிராசெட்டத்தை மெதுவாகக் கொடுங்கள். பிறகு 3 மி.லி. தண்ணீர்.

6. பேக்லோஃபென் கலவையைக் கலக்கிய உடனே உறிஞ்சி, வண்டல் படிவதற்குள் விடுங்கள். கிண்ணத்திலும் சிரிஞ்சிலும் வெள்ளைப் பொடி ஒட்டியிருக்கும். 5 மி.லி. தண்ணீரால் கிண்ணத்தையும் சிரிஞ்சையும் கழுவி அதையும் கொடுங்கள். பிறகு 3 மி.லி. தண்ணீர்.

7. கெட்டியானது கடைசியில். இளக்கிய லாக்டுலோஸை விட்டு, 5 மி.லி. தண்ணீரில் அலசி, குழாயின் மூடியை அடையுங்கள். குழந்தை அரைமணி நேரமாவது தலை உயர்ந்தபடி இருக்கட்டும்.

ஐந்தாம் படிக்கும் ஆறாம் படிக்கும் ஒரு வித்தியாசம் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பொடித்த மாத்திரையில் கிண்ணத்தையும் சிரிஞ்சையும் கழுவி ஊற்றச் சொன்னேன், அளந்த கரைசலில் சொல்லவில்லை. சிரிஞ்சின் கோடுகள், முனையில் தங்கும் சொட்டைக் கணக்கில் சேர்க்காமல் போடப்பட்டவை. அளந்த 2 மி.லி.யைத் தள்ளிவிட்டால் டோஸ் முழுதாகப் போய்விட்டது. அந்த சிரிஞ்சிலேயே தண்ணீர் எடுத்து விட்டால் முனையிலிருந்த சொட்டும் கூடுதலாகப் போகும். 2 மி.லி.யில் அது பெரிதல்ல. 0.2 மி.லி. மட்டும் கொடுக்கும் வீரியமான மருந்தில் அந்தச் சொட்டு டோஸில் கணிசமான பங்கு. அதனால் அலசும் தண்ணீருக்குத் தனி சிரிஞ்ச் வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

இன்னொன்று, பாதி மாத்திரை. முழு மாத்திரையை 10 மி.லி.யில் கலக்கி 5 மி.லி. மட்டும் எடுத்தால் என்ன என்று எல்லோரும் கேட்பார்கள். மருந்து உண்மையாகவே கரைந்தால் அது நடக்கும். ஆனால் பெரும்பாலான மாத்திரைகள் தண்ணீரில் சிதறுமே தவிர கரைவதில்லை. மருந்து அடியில் படிய, மேலிருந்து எடுப்பதில் குறைவாகவும் அடியிலிருந்து எடுப்பதில் அதிகமாகவும் வரும். மருந்தாளர் 'இது கரையும், இத்தனை மி.லி. எடுங்கள்' என்று எழுதித் தந்த மருந்துக்கு மட்டும் அந்த முறை. கால் மாத்திரை, எட்டில் ஒரு பங்கு என்று டோஸ் வந்தால் திரவம் தயாரித்துத் தர முடியுமா என்று கேட்பதே மேல்.

மொத்தத் தண்ணீரையும் கூட்டிப் பார்ப்போம். அலசியது 5, 3, 3, 5 ஆக 16 மி.லி. பொடி கலக்கவும் கழுவவும் 10, லாக்டுலோஸை இளக்க 5. ஆக ஒரு வேளைக்கு 31 மி.லி. 12 கிலோ குழந்தைக்கு நாளெல்லாம் தேவைப்படும் திரவம் பொதுவாக ஒரு லிட்டருக்குச் சற்று மேல் என்பதால் இது பெரிய சுமையில்லை. திரவக் கட்டுப்பாடு உள்ள குழந்தைக்கு மூன்று வேளை இப்படிப் போனால் 90 மி.லி.யைத் தாண்டும், அதைக் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

பாலோடும் வேண்டாம், ஒன்றோடொன்றும் வேண்டாம்

மருந்தைப் பால் பையிலோ பாட்டிலிலோ கலந்துவிட்டால் வேலை சுலபம்தான். ஆனால் பாதியில் பால் நின்றாலோ குழந்தை வாந்தி எடுத்தாலோ எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று யாராலும் சொல்ல முடியாது. அது போக, புளிப்பான சிரப்பு பாலில் உள்ள புரதத்தைத் திரித்துவிடும். திரிந்த பால் குழாயில் கட்டியாக நின்றால் பெரும்பாலும் குழாயையே மாற்ற வேண்டியதாகிவிடும்.

இரண்டு மருந்துகளை ஒரே சிரிஞ்சில் சேர்ப்பதும் அப்படித்தான். தனித்தனியாகத் தெளிவாக இருக்கும் இரண்டு திரவங்கள் சேர்ந்ததும் வண்டலாகலாம், கூழாகலாம். சில சமயம் கண்ணுக்கு எந்த மாற்றமும் தெரியாமலேயே ஒன்று மற்றதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சிப்ரோஃப்ளாக்சசினைக் கால்சியம், இரும்பு, அமில முறிவு மருந்துகள் ஆகியவை இப்படிப் பிடித்துக்கொள்வதால் உடலில் சேராமல் போகும். இதற்கு இடையில் அலசினால் மட்டும் போதாது, இரைப்பையில் இரண்டும் சந்தித்துவிடும். நேர இடைவெளி தேவை. எத்தனை மணி நேரம் என்பதைப் பட்டியலிலேயே எழுதி வாங்குங்கள்.

பாலோடு ஒத்துப்போகாத மருந்துகளில் புதியவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது ஃபெனிடோயின். தொடர்ந்து குழாய்ப் பால் ஓடும்போது கொடுத்தால் ரத்தத்தில் அதன் அளவு வெகுவாகக் குறையும். அதனால் கொடுப்பதற்கு முன்னும் பின்னும் ஒன்று முதல் இரண்டு மணி நேரம் பாலை நிறுத்தச் சொல்வது வழக்கம். குழந்தைக்கு இவ்வளவு நேரம் பால் நிறுத்துவது சாதாரண விஷயமில்லை. கைக்குழந்தைக்குச் சர்க்கரை குறையும், நாளின் கலோரிக் கணக்கும் இடிக்கும். எனவே இடைவெளியையும் பால் நேரத்தையும் மருத்துவரும் உணவு வல்லுநரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். முடிவு செய்த பிறகு, எல்லா நாளும் அதே முறையில் கொடுங்கள். ஒரு நாள் பாலோடு, ஒரு நாள் இடைவெளிவிட்டு என்று மாற்றினால் ரத்தப் பரிசோதனை எண்ணுக்கு அர்த்தமே இருக்காது. கார்பமாசெபின் சஸ்பென்ஷனில் சிக்கல் வேறு. அது பி.வி.சி. குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதே அளவு தண்ணீர் சேர்த்து இளக்கிக் கொடுத்தால் இழப்பு குறையும்.

சுக்ரால்ஃபேட் பாலின் புரதத்தோடு சேர்ந்து கட்டியாகும். தண்ணீரில் உப்பும் இஸப்கோல் போன்ற நார்ப்பொடி குழாய்க்குள்ளேயே உப்பி நிற்கும். இவற்றைக் குழாயில் விடச் சொன்னால் ஒருமுறை திருப்பிக் கேளுங்கள்.

அடைத்துக்கொண்டால்

முதலில் கண்ணால் பாருங்கள். குழாய் மடங்கியிருக்கலாம், கிளிப் மூடியிருக்கலாம், குழந்தையின் கன்னத்துக்கு அடியில் நசுங்கியிருக்கலாம். அதெல்லாம் இல்லையென்றால் 10 மி.லி. அல்லது பெரிய சிரிஞ்சை மாட்டி முதலில் மெதுவாகப் பின்னுக்கு இழுத்துப் பாருங்கள், தேங்கியது வந்தாலும் வரும். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் எடுத்து, முன்னும் பின்னுமாக லேசாக அசையுங்கள். தண்ணீரைக் குழாயில் 15, 20 நிமிடம் ஊற விட்டு மறுபடி முயலலாம். அவ்வளவுதான் வீட்டில் செய்யக் கூடியது.

குளிர்பானம், அன்னாசிச் சாறு என்று இணையத்தில் பார்ப்பதை முயல வேண்டாம். அவை புளிப்பானவை என்பதால் உள்ளே இருக்கும் பாலை இன்னும் இறுக்கிவிடும். குழாயோடு வந்த கம்பியைத் திரும்ப நுழைப்பது அதைவிட மோசம், குழாயைத் துளைத்துக்கொண்டு இரைப்பைச் சுவரைக் குத்தலாம். பலம் கொண்டு அழுத்தவும் கூடாது. திறக்கவில்லையென்றால் குழாயை மாற்ற வேண்டும்.

அடைப்பை விட அவசரமானது, அந்த வேளையில் தவறும் டோஸ். வலிப்பு மருந்து நின்றால் வலிப்பு வரலாம். பேக்லோஃபெனைத் திடீரென்று நிறுத்தினால் தசை இறுக்கம் கூடும், காய்ச்சல், வலிப்பு வரைக்கும் போகலாம். அதனால் 'காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்று இருக்காமல், குழாய் அடைத்திருக்கிறது, இன்னின்ன மருந்து இத்தனை மணிக்குக் கொடுக்க வேண்டும் என்று உடனே மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். மருந்தை வாயில் ஊற்றலாமா என்பதையும் அவர்கள்தான் சொல்ல வேண்டும். விழுங்கும் திறன் சரியில்லாததால்தானே பல குழந்தைகளுக்குக் குழாய் போட்டிருக்கிறார்கள்.

கொடுக்கும்போதும் கொடுத்த பிறகும்

மருந்து விடும்போது குழந்தை இருமினாலோ, மூச்சுத் திணறினாலோ, உதடு நீலமானாலோ அந்த நொடியே நிறுத்துங்கள். அடுத்து எதையும் குழாயில் விடாதீர்கள். திணறல் நீடித்தாலும் நிறம் மாறினாலும் அவசர உதவியை அழையுங்கள்.

கொடுத்த சில நிமிடத்தில் வாந்தி எடுத்தால் டோஸைத் திரும்பக் கொடுக்கலாமா என்பதற்கு எல்லா மருந்துக்கும் பொருந்தும் ஒரே பதில் கிடையாது. எத்தனை நிமிடம் கழித்து, எவ்வளவு வாந்தி, எந்த மருந்து என்று குறித்துக்கொண்டு கேளுங்கள். தானாக இன்னொரு டோஸ் கொடுக்காதீர்கள். வாந்திக்குப் பிறகு குழாய் நகர்ந்திருக்கலாம் என்பதால் அடுத்து எதை விடுவதானாலும் செ.மீ. குறியும் பி.எச். சோதனையும் மறுபடி.

மருந்துப் பட்டியலின் மேலேயே மூன்று விஷயங்களை எழுதி வையுங்கள்: குழாய் எத்தனை ஃபிரெஞ்ச், நுனி இரைப்பையிலா சிறுகுடலிலா, குழந்தையின் இப்போதைய எடை. புதிய மருந்து எழுதும் மருத்துவரிடமும் அதைக் கொடுக்கும் மருந்தாளரிடமும் இந்தத் தாளை நீட்டி 'இது குழாயில் போக வேண்டும்' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். குழாய் மாற்றும்போது அளவு 8-லிருந்து 6 ஆகக் குறைந்தால், நேற்றுவரை போய்க்கொண்டிருந்த மருந்து இன்றும் போகுமா என்று பட்டியல் முழுவதையும் மறுபடி கேட்டுக்கொள்ள வேண்டும்.